பெட்டிக்குள் இருக்கும் நிழல்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் இரண்டு நாளாக நடக்கும் சண்டைக்கு அங்கேயே பதில் எழுதினால் அது பத்து வொய்ஸ் கட்டுக்குள் புதைந்து போகும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

சண்டை இதுதான். வளிமண்டலவியல் திணைக்களம் அன்றைய உயர் வெப்பநிலை 34 பாகை என்று சொன்னது. நம்மூர்த் தம்பி ஒருவர் கடைச் சுவரில் தொங்கும் வெப்பமானியைப் படம் பிடித்துப் போட்டார். அதில் 43. உடனே "திணைக்களம் பொய் சொல்லுது", "சனம் பயப்படும் என்று குறைச்சுச் சொல்றாங்க", "ஏசி ரூமுக்குள்ள இருந்து அளக்குறாங்க" என்று ஆரம்பித்துவிட்டது. மறுநாள் வகுப்பில் பிள்ளைகளும் அதையே கேட்டார்கள். "சேர், ரெண்டுல எது சரி?"

இரண்டுமே சரிதான். ஆனால் இரண்டும் ஒரே பொருளின் வெப்பத்தைச் சொல்லவில்லை. திணைக்களத்தின் எண் காற்றின் வெப்பம். கடைச் சுவரின் எண் அந்த வெப்பமானியின் வெப்பம்.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளை எடுத்து வந்தார். முதலில் இரண்டையும் நிழலில் இருந்த ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தோம். அரைப் பாகைக்குள் ஒத்துப் போயின. பிறகு ஒன்றின் குமிழில் விளக்குக் கரியைப் பூசி, இரண்டையும் மைதானத்தில் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தோம். ஐந்து நிமிடத்தில் கரி பூசியது மற்றதைவிட ஏழு பாகை கூடிவிட்டது. கொஞ்சம் காற்று அடித்தது, இரண்டும் இறங்கின. காற்று நின்றது, திரும்ப ஏறின. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. இரண்டும் ஒரே காற்றுக்குள்தான் இருந்தன. அப்படியென்றால் அந்தக் காற்றின் வெப்பம் எது?

பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். பிறகு ஒரு வெள்ளை மட்டையை மேலே பிடித்து இரண்டுக்கும் நிழல் கொடுத்தோம். மெல்ல மெல்ல இறங்கி, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நின்றன. கரியும் பிறகு பெரிதாக எதையும் மாற்றவில்லை. ஒரு பிள்ளை தானாகவே சொன்னது: "சேர், வெயில்ல அது தன்னத்தான் அளக்குது."

விஷயம் அதுதான். சூரியனிலிருந்து வரும் கதிர் காற்றைப் பெரிதாகச் சூடாக்காமல் ஊடுருவி வந்து, தான் படும் திண்மப் பொருளில்தான் சூட்டை இறக்குகிறது. கண்ணாடிக் குமிழும் ஒரு திண்மப் பொருள். அதன் நிறம், பருமன், அந்த நேரத்துக் காற்று, பின்னால் இருக்கும் சுவர் ஆகிய எல்லாம் சேர்ந்து அது எவ்வளவு சூடாகும் என்று தீர்மானிக்கும். கல்முனையில் ஒரு வெப்பமானி, புத்தளத்தில் ஒரு வெப்பமானி என்று இரண்டையும் வெயிலில் வைத்து ஒப்பிட்டால் நாம் ஒப்பிடுவது ஊர்களை அல்ல, வெப்பமானிகளை. நிழல் தேவைப்படுவது வெப்பத்தைக் குறைத்துக் காட்ட அல்ல. எல்லா வெப்பமானியும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக.

அப்படியென்றால் மாமரத்துக்குக் கீழே தொங்கவிட்டால் போதாதா? போதாது. இங்கேதான் பலரும், பாடப்புத்தகத்தில் படித்தவர்களும்கூட, தடுமாறுகிறார்கள். "நிழலில் அளப்பது" என்று கேட்டதும் பெட்டியைக் கொண்டுபோய் மர நிழலில் வைக்கிறார்கள். மரத்துக்குக் கீழே நிலமே வெயில் படாமல் குளிர்ந்து கிடக்கும். இரவில் அதே மரம் ஒரு போர்வை மாதிரி மேலே நின்று சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பகலில் குறைவு, இரவில் கூடுதல் என்று அந்த வெப்பமானி மாமரத்தின் கதையைச் சொல்லும்; ஊரின் கதையைச் சொல்லாது. விறாந்தையும் அப்படித்தான். பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த சுவர் இஷாவுக்குப் பிறகும் அதை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். முன்காலத்தில் இங்கிலாந்தில் வீட்டின் வடக்குச் சுவரில், சூரியன் படாத பக்கத்தில் வெப்பமானியைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. சுவரோடு இருந்ததால் அவர்கள் அளந்ததில் பாதி சுவர்தான்.

ஆகவே பெட்டி வெட்டவெளியில் நிற்க வேண்டும். வெப்பமானி மட்டும் நிழலில் இருக்க வேண்டும். நிழலைப் பெட்டி தன்னோடேயே கொண்டுவர வேண்டும். இதற்கு வழி சொன்னவர் தோமஸ் ஸ்டீவன்சன். ஸ்கொட்லாந்தில் வெளிச்சவீடுகள் கட்டிய பொறியியலாளர். ("புதையல் தீவு" கதையை எழுதிய ஆர். எல். ஸ்டீவன்சன் இவருடைய மகன்தான். இதைச் சொன்னபோது ஆங்கில ஆசிரியை மட்டும் சந்தோஷப்பட்டார்.) 1864இல் அவர் தன் பெட்டியைப் பற்றி எழுதினார். அதைத்தான் நாம் ஸ்டீவன்சன் திரை என்று பத்தாம் வகுப்பில் வரைந்து, வெள்ளை நிறம் தீட்டாமல் விட்டு, "வெள்ளைக் கடதாசிதானே சேர்" என்று புள்ளி கேட்டவர்கள்.

அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. நான்கு பக்கமும் பலகைகள் யன்னல் சட்டம்போல் சாய்வாக, இரண்டு வரிசையாக அடிக்கப்பட்டிருக்கும். காற்று புகுந்து வெளியேறும். வெயில் எந்தக் கோணத்திலிருந்தும் நேராகப் புகாது. கூரையும் இரட்டை. மேல் கூரை சூடானால் அந்தச் சூடு கீழே இறங்காமல் இடையிலுள்ள காற்றோடு போய்விடும். அடித்தளமும் பலகைதான், இடைவெளி விட்டு ஒன்றின் மேல் ஒன்று தள்ளி அடித்தது. பலரும் மறப்பது அந்த அடித்தளத்தை. வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. நிலத்தில் பட்டுத் தெறித்தும் வரும். வெள்ளை மணலில் நடந்தவர்களுக்குத் தாடைக்குக் கீழே முகம் எரிவது தெரியும்.

கதவு பற்றியும் ஒரு வார்த்தை. வட நாடுகளில் கதவை வடக்குப் பக்கம் வைத்தால் போதும். திறக்கும்போது வெயில் விழாது. நமக்கு அது வருடம் முழுக்கச் சரிவராது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவே போகிறது. ஆகவே நம்மைப் போன்ற வெப்ப வலய நாடுகளுக்கு எதிரெதிராக இரண்டு கதவு வைத்த பெட்டி பொருத்தம்.

இனி உயரமும் புல்லும்.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் முற்றத்துக் கல்லில் வெறுங்காலோடு செருப்பைத் தேடி ஓடுகிறோமே, அந்த ஓட்டத்துக்கு விளக்கம் தேவையில்லை. கால் கொதிக்கும், ஆனால் முகத்துக்கு அந்தச் சூடு இல்லை. நிலம்தான் வெயிலை வாங்குகிறது. காற்று கீழிருந்து, நிலத்தைத் தொட்டுத் தொட்டுச் சூடாகிறது. ஆகவே பகலில் நிலத்தோடு ஒட்டிய காற்றுத்தான் மிகவும் சூடானது. அந்தச் சூடு மேலே போகப் போகக் குறைகிறது, ஆனால் ஒரே சீராக அல்ல. முதல் சில விரற்கடை உயரத்துக்குள் மளமளவென்று இறங்கிவிடும். இடுப்புக்கு மேலே போனால் இறக்கம் மிக மெதுவாகிவிடும்.

இதையும் அந்த மைதானத்தில் பார்த்தோம். வெள்ளை மட்டையால் நிழல் கொடுத்து, வெறும் மணலுக்கு நான்கு விரல் மேலே பிடித்தபோது 39 காட்டியது. மார்பு உயரத்தில் 34. அதே நான்கு விரல் உயரத்தை, தண்ணீர் பைப்புக்குப் பக்கத்தில் பச்சையாக நிற்கும் புல்லுக்கு மேல் பிடித்தால் 36. மார்பு உயரத்தில் மணலுக்கு மேலும் புல்லுக்கு மேலும் உள்ள வித்தியாசம் எங்கள் வெப்பமானியால் சரியாகப் பிடிக்க முடியாத அளவு சின்னது. இது பிள்ளைகள் செய்த அளவை; விஞ்ஞானிகள் இதில் நூறு குற்றம் காண்பார்கள். ஆனாலும் போக்கு தெளிவாகத் தெரிந்தது.

இப்போது யோசியுங்கள். பெட்டியை ஒரு சாண் உயரத்தில் வைத்தால், காலுக்குக் கீழே என்ன நிலம் என்பதுதான் எண்ணைத் தீர்மானிக்கும். இரண்டு விரல் உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் எண் மாறும். பத்து மீற்றர் கம்பத்தில் வைத்தால் ஆட்கள் வாழும் காற்றை விட்டு மேலே போய்விடும். தினமும் ஏணி வைத்து ஏற வேண்டும். இடையில் ஓர் உயரம் வேண்டும்: நிலத்தின் தனிக்குணம் மங்கிய இடம், மனிதன் மூச்செடுக்கும் இடம், நின்றபடியே கண்ணால் வாசிக்கக்கூடிய இடம். அப்படித்தான் நான்கு, ஐந்து அடி என்ற அளவு வந்தது. உலக வானிலை அமைப்பு 1.25 மீற்றரிலிருந்து 2 மீற்றர் வரை அனுமதிக்கிறது. பிரிட்டிஷ்காரர் 1.25 பக்கம், ஜேர்மனியர் 2 மீற்றர். ஒன்றரை மீற்றர் என்பதில் எந்த மந்திரமும் இல்லை. ஒரு நாடு ஓர் உயரத்தைப் பிடித்தால் எல்லா நிலையத்திலும், எல்லா வருடமும் அதையே பிடிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

அப்படியானால் புல் எதற்கு? புல் வேரால் தண்ணீர் எடுத்து இலையால் ஆவியாக விடுகிறது. வாங்கும் வெயிலில் ஒரு பங்கு அந்த ஆவியாக்கலுக்கே செலவாகிவிடுவதால் அது கொங்கிறீற்போலவோ தார்போலவோ கொதிப்பதில்லை. வெள்ளை மணல்போலக் கதிரைத் தெறிக்கவும் விடாது. அதைவிட, பல நாடுகளில் பல இடங்களில் ஒரே மாதிரியாகக் கிடைக்கக்கூடிய தரை அது. ஏன் வெட்டிய புல்? புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டால் வெயில் படும் மட்டமே மேலே ஏறிவிடும். பெட்டி அசையாமல் நின்றாலும் அதன் உயரம் அரை மீற்றர் குறைந்த மாதிரி. கீழால் வரும் காற்றையும் அது தடுக்கும். ஆகவே வானிலை நிலையத்தில் புல் வெட்டுபவர் அழகுக்காக வெட்டவில்லை, அளவையைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறார். புல்லே முளைக்காத பாலைவனத்தில் அந்த இடத்தின் இயற்கையான தரையே போதும்.

இந்த விதிகளை விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு லிபியாவில் ஒரு கதை இருக்கிறது. திரிப்போலிக்குத் தெற்கே அல் அஸீஸிய்யா என்ற ஊர். 1922 செப்டெம்பர் 13ஆம் திகதி அங்கே 58 பாகை பதிவானது. அப்போது லிபியா இத்தாலியர் கையில், நிலையம் இராணுவத்தினுடையது. பல தலைமுறையாக "உலகின் மிக வெப்பமான இடம்?" என்ற பொது அறிவுக் கேள்விக்கு இதுதான் விடை. நாங்களும் அதைப் படித்துத்தான் வந்தோம். பிறகு லிபிய வானிலை நிலையத்தின் அதிகாரி ஒருவரும் சேர்ந்த சர்வதேசக் குழு ஒன்று அந்தக் காலத்துக் கையெழுத்துப் பதிவேட்டையே தேடி எடுத்துப் பார்த்தது. வேலை நடுவில் 2011 புரட்சி. அந்த அதிகாரியோடு தொடர்பே அறுந்துபோய், பிறகு மீண்டது. முடிவு 2012 செப்டெம்பர் 13ஆம் திகதி, சரியாகத் தொண்ணூறு வருடம் கழித்து அறிவிக்கப்பட்டது: அந்த 58 செல்லாது.

பதிவேட்டில் 11ஆம் திகதியிலிருந்து கையெழுத்து மாறியிருந்தது. புதிதாக வந்தவர் உயர்வையும் இழிவையும் இடம் மாற்றி எழுதியிருந்தார். இருந்த கருவி நம் பாடப்புத்தகத்தில் வரும் சிக்ஸின் உயர்வு இழிவு வெப்பமானியின் வகை. அதில் இரசம் ஒரு சிறிய காட்டியைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு இறங்கும். அந்தக் காட்டியின் கீழ் முனையை, அதாவது இரசத்தைத் தொட்ட முனையைத்தான் வாசிக்க வேண்டும். மேல் முனையை வாசித்தால் காட்டியின் நீளமும் சேர்ந்துவிடும். அது ஏழு பாகையளவு. 58இல் ஏழைக் கழித்தால் 51. அது அந்தப் பக்கத்தில் நம்பக்கூடிய எண். பரீட்சையில் பிள்ளைகள் இதே இடத்தில்தான் புள்ளி இழக்கிறார்கள். அதோடு கருவிக்குக் கீழிருந்த தரை, சுற்றியுள்ள பாலைவன மண்ணைப் போல் இல்லாமல் தார் போன்ற கறுத்த தரையாக இருந்தது. பக்கத்து நிலையங்களோடும், அதே இடத்தின் பிந்திய பதிவுகளோடும் அந்த எண் ஒத்துப் போகவில்லை. ஆளும் தரையும் சேர்ந்து ஓர் உலக சாதனையை உண்டாக்கியிருந்தார்கள்.

நம் நாட்டில் இந்த உயரத்தின் மறுபக்கத்தைக் காட்டுவது நுவரெலியா. ஜனவரி, பெப்ரவரியில் அங்கே தேயிலையிலும் புல்லிலும் துகள் உறைபனி விழுந்தது என்று செய்தி வரும். அதே செய்தியில் அன்றைய வெப்பநிலை மூன்று, நான்கு பாகை என்றும் இருக்கும். தண்ணீர் பூச்சியத்தில்தானே உறையும்? இதிலும் பொய் இல்லை. முகில் இல்லாத, காற்று இல்லாத இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, பாரமாகி, கீழேயே தங்கும். பகலில் கீழே சூடு, மேலே குளிர். இரவில் கீழே குளிர், மேலே சூடு. பெட்டிக்குள் நான்கு பாகை இருக்கும்போதே புல் நுனியில் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். விவசாயிக்குத் தேவை அந்தப் புல் நுனியின் எண். அதற்காகவே புல்லோடு புல்லாக, பெட்டியில்லாமல் திறந்தபடி கிடத்தும் இழிவு வெப்பமானி ஒன்றும் வானிலை நிலையங்களில் உண்டு.

ஸ்டீவன்சன் பெட்டியும் குறையில்லாதது அல்ல. உள்ளே காற்று தானாக ஓட வேண்டும். வெயில் கடுமையாக இருந்து காற்றே அசையாத மத்தியானத்தில் பலகைகள் சூடாகி, உண்மையைவிட ஒரு பாகை, சில நேரம் இரண்டு பாகைகூடக் கூட்டிக் காட்டும். வெள்ளைப் பூச்சு அழுக்கேறினால் இன்னும் கூடும். கண்டுபிடிப்பது சுலபம்: இன்னொரு வெப்பமானியைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிழலில் நின்று நூலில் கட்டிச் சுழற்றிப் பாருங்கள் (நூல் உறுதியானதா என்று முதலில் பாருங்கள், பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்). இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் பெட்டி மூச்சுவிடவில்லை என்று அர்த்தம். "ஏசி ரூமுக்குள்ள அளக்குறாங்க" என்றவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: பகலில் இந்தப் பெட்டி தவறினால் பெரும்பாலும் கூடுதலான பக்கம்தான் தவறும்.

ஆனால் அந்த 34ஐ வைத்து "அவ்வளவு சூடு இல்லையே" என்று சொல்பவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. இல்ல விளையாட்டுப் போட்டி பெப்ரவரி, மார்ச்சில்தான் வருகிறது. சில வருடம் நோன்பும் கூடவே வருகிறது. அணிநடைக்கு நிற்கும் பிள்ளை புல்லுக்கு மேல், பெட்டிக்குள், நிழலில் நிற்கவில்லை. வெறும் மணலில், தலையில் வெயிலோடு, எங்கள் கரி பூசிய குமிழ் மாதிரி நிற்கிறது. ஏழு வயதுப் பிள்ளையின் தலை ஒன்றரை மீற்றருக்கும் கீழேதான். திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணக்கிடுவது. அதிலும் நேர் வெயில் சேரவில்லை. வெயிலையும் சேர்த்து அளக்க வேறு முறை இருக்கிறது. அதில் கறுப்புக் கோளம் ஒன்றுக்குள் வெப்பமானியை வைத்து வெயிலிலேயே விடுவார்கள். இராணுவப் பயிற்சிக்கும் ஓட்டப்போட்டிக்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். நம்மிடம் அந்தக் கருவி இல்லை. ஆகவே எங்கள் பாடசாலையில் இம்முறை அணிநடைப் பயிற்சியைக் காலை எட்டரைக்குள் முடித்து, தெரிவுப் போட்டிகளை நான்கு மணிக்குப் பிறகு வைக்கலாம் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறோம். பெற்றோரும் கூட்டத்தில் அதையே கேட்டால் உதவியாக இருக்கும்.

கடைத் தம்பிக்கு: அந்த வெப்பமானியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள் மகன். பழைய வெள்ளைப் பிளாஸ்ரிக் தட்டுகள் ஆறேழு எடுத்து, மேல் இரண்டை மட்டும் விட்டு மற்றதில் நடுவில் ஓட்டை வெட்டி, இரண்டு விரல் இடைவெளியில் கவிழ்த்து அடுக்கி மூன்று கம்பியால் இணைத்தால் சின்னப் பெட்டி தயார். அதற்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டு, உங்கள் பின்வளவில் புல் இருக்கும் பக்கம், சுவரிலிருந்து சுவரின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி, நெஞ்சு உயரத்தில் நடுங்கள். ஒரு வாரம் எழுதிவிட்டு அந்தக் கணக்கைக் குழுமத்தில் போடுங்கள். கடைச் சுவரின் 43ஐயும் அழிக்க வேண்டாம். மத்தியானத்தில் அந்தச் சுவரோரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் உம்மாமாருக்கு அந்த எண்ணும் தெரியத்தான் வேண்டும். அங்கே ஒரு தகரக் கொட்டில் போடச் சொல்லிப் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுவதாக இருந்தால், கையொப்பம் வைக்க நாங்கள் வருகிறோம்.